இசிடிக்கு முன்னும் பின்னும்: நோயாளியைத் தயார் செய்வது, வீட்டாரின் பயத்துக்குப் பதில் சொல்வது

மயக்க மருந்து கொடுத்து, தலையில் சில வினாடி மின் துடிப்புகள் கொடுத்து வலிப்பை வரவழைக்கும் சிகிச்சைதான் இசிடி. ஆனால் வீட்டார் யாரும் அதை இசிடி என்று சொல்வதில்லை. 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் கூடவே பயமும் வந்துவிடும். மனநல வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்கள் பலரும், முதலில் நோயாளியைத் தயார் செய்துவிடுவோம், நேரம் கிடைத்தால் வீட்டாருக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்வோம் என்று இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அது தப்பு. பயந்துபோன வீட்டார் விஷயத்தை மறைப்பார்கள், அவர்கள் மறைத்தது மயக்க மருந்து ஏறிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். அதனால் அவர்களுக்குப் பதில் சொல்வதையும் தயாரிப்பு வேலையோடு சேர்த்தேதான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நோயாளியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 54 வயது, நெல் விவசாயம். நாலு மாதமாகக் கடுமையான மனச்சோர்வு, இரண்டு வகை மாத்திரை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசி மூன்று வாரமாகச் சோற்றை வாயில் வைத்தால் துப்பிவிடுகிறார். ஏன் என்று கேட்டால், "எனக்குக் குடலே இல்லம்மா, சோறு எங்க போகும்?" என்கிறார், அதுவும் ரொம்ப நிதானமாக. இந்த மாதிரி நம்பிக்கையோடு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டவருக்கு இன்னொரு மாத்திரையைத் தொடங்கி நாலு வாரம் காத்திருக்க உடம்பு இடம் கொடுக்காது. இசிடி வேகமாக வேலை செய்யும், அதனால் டாக்டர் அதை முடிவு செய்தார். கூட இருந்தது மனைவியும் மகனும்.

முந்தின நாள்: கையெழுத்து

சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு கேஸ் ஷீட்டை மூடிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இசிடி கொடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு என்றால் காப்பாளரின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்று அந்தச் சட்டம் தரும் சலுகைக்குள் இசிடி வராது. 'அவசரம், கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்' என்று யார் சொன்னாலும் நீங்கள் பேசாமல் இருக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்கும் திறன் இருந்தால் நோயாளியேதான் சம்மதிக்க வேண்டும், மனைவி போட்ட கையெழுத்து போதாது. திறன் இல்லை என்று மருத்துவர்கள் மதிப்பிட்டிருந்தால் அந்த மதிப்பீடு ஷீட்டில் இருக்கிறதா, நியமனப் பிரதிநிதி யார் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். "நாளைக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு டாக்டர் சொன்னார், நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று நோயாளியிடம் கேட்பேன். தன் வார்த்தையில் அரைகுறையாகவாவது சொல்லிவிட்டால் சரி. "தெரியல, கையெழுத்துப் போடச் சொன்னாங்க" என்றால் டாக்டரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். காலையில் தியேட்டர் வாசலில் வந்து "வேண்டாம்" என்றாலும் அப்படித்தான். அப்போது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது நம் வேலை இல்லை. நிறுத்துங்கள், சொல்லுங்கள், எழுதுங்கள்.

முந்தின நாள்: கேட்க வேண்டியவை

ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து டாக்டரின் பரிசோதனை எல்லாம் ஓரளவு தானாகவே நடந்துவிடும். தவறிப்போவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆடும் பல் இருக்கிறதா? ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறாரா? (அது வலிப்பைத் தேவைக்கு மேல் நீட்டிவிடும்.) லித்தியம் போகிறதா? (இசிடிக்குப் பிறகு குழப்பத்தை அதிகமாக்கலாம்.) தூக்கத்துக்கு என்று ராத்திரி லோராஸிபாம் கொடுத்தோமா? வலிப்பு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? இவை இரண்டும் வலிப்பு வரவிடாமல் தடுக்கும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர் முடிவு செய்வார், ஆனால் என்னென்ன போகிறது என்ற முழுக் கணக்கு மருந்து சார்ட்டை வைத்திருக்கும் நம்மிடம்தான் இருக்கும்.

நம் விவசாயிக்கு வருகிறேன். "இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்களா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வயித்துக் கோளாறுன்னு போன மாசம் சேர்த்தோம் சிஸ்டர்."

"எத்தனை நாள்மா?"

"ஆறு நாள். ஐசியூல வெச்சிருந்தாங்க."

வயிற்றுக் கோளாறுக்கு ஆறு நாள் ஐசியூவா? மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டேன், வீட்டில் இருக்கிறதாம். அவனை மட்டும் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒன்றே ஒன்று சொன்னேன்: "தம்பி, தற்கொலைக்கு முயற்சி பண்ணினவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் சட்டமே எடுத்துக்குது, அவங்களுக்குத் தண்டனை குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. நான் போலீசுக்காகக் கேக்கல. நாளைக்குக் குடுக்கப் போற மயக்க மருந்துக்காகக் கேக்கறேன்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம், "வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சிட்டார் சிஸ்டர்" என்றான். மூன்று வாரம் ஆகியிருந்தது. (நான் அவனிடம் சொன்னது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு. வீட்டாரிடம் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

பூச்சிமருந்து குடித்த விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம்? இசிடியில் தசையைத் தளர்த்த நாம் வழக்கமாகக் கொடுப்பது ஸ்கோலின். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைப்பதால்தான் அதன் வேலை சில நிமிஷங்களில் முடிந்து நோயாளி தானாக மூச்சுவிடுகிறார். அந்த நொதிக்கு சூடோகோலினெஸ்டரேஸ் என்று பெயர். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அதே நொதியை முடக்கிப் போட்டுவிடும். ஆள் தேறி வீட்டுக்குப் போன பிறகும் அளவு பழையபடி ஏற வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் ஸ்கோலின் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் வர வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் வராது. தூக்க மருந்து அதற்கு முன்பே தெளிந்துவிடும் என்பதால், கை காலை அசைக்க முடியாமல், மூச்சுவிட முடியாமல், நினைவோடு கிடக்கும் நிலைகூட வரலாம். பிறவியிலேயே இந்த நொதி குறைவாக இருப்பவர்களும் உண்டு. தென்னிந்தியாவில் ஆரிய வைசியக் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுவதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் "உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு வர லேட்டாச்சா, மெஷின்ல வெச்சாங்களா?" என்ற கேள்வியை எல்லாரிடமும் கேட்கச் சொல்கிறேன்.

மயக்க மருந்து டாக்டருக்குச் சொன்னேன், நொதியின் அளவைப் பார்த்தார்கள், குறைவாகத்தான் இருந்தது. ஸ்கோலினுக்குப் பதிலாக ராகுரோனியம் போன்ற வேறு வகைத் தளர்ச்சி மருந்து கொடுத்தும் இசிடி செய்யலாம். ஆனால் இவருக்கு மூக்குக்குழாய் வழியாகச் சத்து போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் இருபத்திநாலு மணி நேரமும் ஆள் இருந்தது. அதனால் காத்திருந்து மறுபடி பார்த்து, அளவு ஏறிய பிறகு தொடங்கலாம் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். இரண்டரை வாரம் தள்ளிப்போனது. வீட்டாருக்கு அது கோபம்தான். காரணத்தை விளக்கியதும் மனைவி முதல்முறையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காலையில்: பட்டினி

திட உணவு நிறுத்தி குறைந்தது 6 மணி நேரம், வெறும் தண்ணீர் நிறுத்தி 2 மணி நேரம். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, எல்லா வார்டிலும் மீறப்படும் கணக்கும் இதுதான். "ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டால் "இல்ல சிஸ்டர், வெறும் வயிறுதான்" என்றே பதில் வரும். "காபி குடிச்சாரா?" என்று தனியாகக் கேளுங்கள். "ஆமா, அரை டம்ளர் காபிதான், பாவம் முகம் வாடிப்போச்சு" என்பார்கள். நம் ஊரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது, மயக்க மருந்துக்குப் பால் கலந்த காபி சாப்பாடுதான். தொண்டையின் காவல் தளர்ந்திருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்று காரணத்தையும் சொல்லுங்கள். 'டாக்டர் சொன்னார், குடுக்காதீங்க' என்றால் அம்மா மனசு கேட்காது. 'நுரையீரலுக்குள்ள போயிடும்' என்றால் கேட்கும். குடித்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். நேரத்தைக் குறித்து டாக்டரிடம் சொல்லி அன்றைய வரிசையில் பின்னுக்குத் தள்ளுங்கள். இதை முந்தின நாள் மாலை இருந்தவரிடம் மட்டும் சொல்வதும் போதாது, விடியற்காலை பஸ்ஸில் ஃபிளாஸ்க்கோடு வந்து இறங்கும் சித்தப்பாவையும் பிடித்துச் சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை, இதய மாத்திரை இருந்தால் டாக்டர் சொன்னபடி ஒரு வாய்த் தண்ணீரில் கொடுப்பது வழக்கம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பட்டினியில் போகக் கூடாது, சர்க்கரை அளவைப் பார்த்து எழுதி, என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில்: தலை முதல் கால் வரை

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. முந்தின நாளே தலைக்குக் குளிக்கவைத்து எண்ணெய் தடவாமல் விடச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலெக்ட்ரோடு சரியாக ஒட்டாது, மின்தடை ஏறும், மிஷின் எச்சரிக்கும், அதையும் மீறிக் கொடுத்தால் அந்த இடத்தில் தோல் சுட்டுவிடலாம். நெற்றிப்பொட்டு ஓரத்தில் எலெக்ட்ரோடு உட்காரும் என்பதால் விபூதி, குங்குமம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். கோயிலில் வேண்டி வைத்த விபூதி என்றால் சும்மா துடைக்காதீர்கள், "கையில பூசிக்கட்டும்மா" என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஹேர்பின், பூ, மூக்குத்தி, தோடு, பல் செட், கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் கழற்றி வீட்டாரிடம் கொடுத்து எழுதிவைக்க வேண்டும். கேட்கும் கருவியைக் கடைசி வரை வைத்திருந்து தியேட்டரில் கழற்றுவது நல்லது, இல்லையென்றால் நீங்கள் சொல்வது எதுவுமே அவர் காதில் விழாமல் பயந்துபோவார். தாலியைக் கழற்றமாட்டேன் என்பவர்கள் உண்டு. முக்கியமாகக் கழற்ற வேண்டியது தலையிலும் முகத்திலும் இருக்கும் உலோகம்தான், தாலியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடலாமா என்று தியேட்டரில் கேட்டுச் செய்யுங்கள், கட்டாயப்படுத்தி ஒரு பெண்ணை அழவைத்து உள்ளே அனுப்ப வேண்டாம்.

உள்ளே போகுமுன் சிறுநீர் கழிக்கவைக்க வேண்டும், வலிப்பில் தானாகப் போய்விடும். வென்ஃப்ளான் போட்டு நன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, சுவாசம் எழுதுங்கள். கூடவே பேர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்டு அதையும் எழுதுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்பே கிழமை தெரியாமல் இருந்தவரை இசிடிக்குப் பிறகு 'குழப்பமாக இருக்கிறார்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

உள்ளே நடப்பது

கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள், ஊசியில் தூங்கவைக்கிறார்கள், ஒரு காலில் பி.பி. கஃப்பை இறுக்கிக் கட்டிவிட்டு ஸ்கோலின் போடுகிறார்கள். கஃப்புக்குக் கீழே மருந்து போகாததால் அந்தப் பாதம் மட்டும் வலிப்பில் ஆடும், உடம்பின் மற்ற பாகம் லேசாகத் துடிப்பதோடு சரி. பல்லுக்கு நடுவே ரப்பர் வைத்த பிறகு, சில வினாடிகள் மட்டும் மின் துடிப்புகள் கொடுக்கிறார்கள். வலிப்பு பெரும்பாலும் 20 முதல் 60 வினாடி ஓடும். பாதம் ஆடத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸ்தான், 'ஒரு நிமிஷம்', 'ஒன்றரை' என்று சத்தமாகச் சொல்லுங்கள். 2 நிமிஷத்தைத் தாண்டினால் டாக்டர் மருந்து கொடுத்து நிறுத்துவார், அந்த மருந்து ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். மூச்சு திரும்பும் வரை ஆம்பு பேக்கில் மூச்சுக் கொடுக்கிறார்கள். வாசலில் இருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் கால் மணி நேரம்.

பிறகு: முதல் ஒரு மணி நேரம்

இந்த ஒரு மணி நேரம் முழுக்க முழுக்க நம் பொறுப்பு. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், ஆக்ஸிஜன் ஓடட்டும், சக்ஷன் கையெட்டும் தூரத்தில் ஆன் செய்து பார்த்ததாக இருக்கட்டும், கட்டில் பக்கவாட்டுக் கம்பி ஏற்றியிருக்கட்டும். விழிக்கும் வரை 5 நிமிஷத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், சுவாசம். விழித்த பிறகு 15 நிமிஷத்துக்கு ஒருமுறை. ரத்த அழுத்தமும் நாடியும் வலிப்பின்போது ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். இறங்காமல் நின்றால் சொல்லுங்கள்.

மானிட்டர் எண்ணை விட நெஞ்சைப் பாருங்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு குறைந்தாலும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே காட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சு நன்றாக ஏறி இறங்குகிறதா, குறட்டை மாதிரி சத்தம் வருகிறதா, தாடையைத் தூக்கினால் சத்தம் நிற்கிறதா? ஸ்கோலின் முழுவதும் இறங்காதவர் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவார், கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க வராது, தலையைத் தூக்க முடியாது. அந்த நிலையில் வார்டுக்கு அனுப்பக் கூடாது.

விழிக்கும்போது சிலர் எழுந்து ஓடப் பார்ப்பார்கள், அடிப்பார்கள், வென்ஃப்ளானைப் பிடுங்குவார்கள். வலிப்புக்குப் பின் வரும் குழப்பம் இது, வேண்டுமென்றே செய்வதில்லை. நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினால் அதிகமாகும். ஒரே ஒரு குரல் போதும். விளக்கைக் குறைத்து, ஒருவர் மட்டும், "அய்யா, நான் சிஸ்டர். ஆஸ்பத்திரியில இருக்கீங்க. சிகிச்சை முடிஞ்சுது. உங்க மகன் வெளிய இருக்காரு" என்று அதே நாலு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அடங்காமல் போனால் டாக்டர் மருந்து எழுதுவார். எத்தனை நிமிஷத்தில் பேர், இடம், கிழமை மூன்றும் வந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். 15, 20, 40 என்று அது நீண்டுகொண்டே போனால் இடைவெளியைக் கூட்டலாமா, எலெக்ட்ரோடு வைக்கும் இடத்தை மாற்றலாமா என்று டாக்டர் யோசிக்க அந்த எண்தான் ஆதாரம்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை: அரை மணி நேரம் ஆகியும் விழிக்காதது, விழித்தவர் மறுபடி மங்கிப்போவது, கண்ணிமையோ முகமோ விட்டுவிட்டுத் துடிப்பது (கை கால் ஆடாமலேயே மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம்), நெஞ்சுவலி, வாந்தியோடு தாங்க முடியாத தலைவலி, ஒரு பக்கம் கை கால் அசையாதது. சாதாரணத் தலைவலி, தாடை வலி, உடம்பு வலி வரும், பாராசிட்டமால் எழுதுவார்கள், அது பயப்பட வேண்டியதில்லை.

நன்றாக விழித்து, சொன்னதைச் செய்து, இருமவும் விழுங்கவும் முடிந்த பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர். புரை ஏறவில்லை என்றால் அரை டம்ளர். பிறகுதான் இட்லி. மகன் அதற்குள் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருப்பான், கண்காணியுங்கள். முதல்முறை எழுந்து பாத்ரூம் போகும்போது கூடப் போங்கள், வார்டில் விழுவது அநேகமாக அப்போதுதான்.

வீட்டார் கேட்பவை

"உசிருக்கு ஆபத்தா சிஸ்டர்?" ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எதற்கும் கொஞ்சம் ஆபத்து உண்டு. இசிடியில் அது ஒரு லட்சம் முறைக்குச் சுமார் 2 மரணம் என்ற அளவில் இருக்கிறது. நான் சொல்வது: "ரொம்ப அபூர்வம்மா. அந்த அபூர்வத்தையும் தடுக்கத்தான் நேத்து உங்ககிட்ட அத்தனை கேள்வி கேட்டேன்."

"வலிக்குமா? கத்துவாரா?" தூக்கத்தில் இருப்பதால் மின்சாரமும் தெரியாது, வலிப்பும் தெரியாது. சினிமாவில் காட்டுகிற மாதிரி நாலு பேர் பிடிக்க, ஆள் துள்ளுவது மயக்க மருந்து இல்லாத காலத்தில் நடந்தது. 1938இல் ரோமில் செர்லெட்டியும் பீனியும் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது, எலும்பு முறிந்தவர்களும் இருந்தார்கள். அது பொய் என்று நாம் மறுத்தால் நம் பேச்சில் நம்பிக்கை போய்விடும். அன்று அப்படி, இன்று அப்படிச் செய்வது சட்டப்படியே குற்றம் என்று சொல்லுங்கள்.

"மூளை கருகிடுமா?" சில வினாடிகள் போகும் சின்னத் துடிப்புகள், அவை திசுவைச் சுடுவதில்லை. மூளையில் புண் உண்டாக்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வேலை செய்வது கரண்ட் இல்லை, அது தூண்டிவிடும் வலிப்பு என்று சொன்னால் பலர் முகத்தில் பயம் கொஞ்சம் தணியும், 'அப்ப கரண்ட்ட உடம்புல ஏத்தறது இல்லையா' என்பார்கள்.

"எங்களை மறந்துடுவாரா?" இந்தக் கேள்விக்குத்தான் மழுப்பக் கூடாது. அன்று காலை நடந்தது, சிகிச்சை நடக்கும் வாரங்களில் நடந்தது பல மறந்துபோகும். புதிதாக ஞாபகம் வைத்துக்கொள்வது மந்தமாகும், முடிந்து சில வாரங்களில் அது சரியாகிவிடும். ஆனால் சிகிச்சைக்கு முந்தின சில மாதங்களின் சில நினைவுகள் சிலருக்குத் திரும்பாமலே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நம் விவசாயி முதல் முறை விழித்ததும் மகனைப் பார்த்து "யாருப்பா நீ?" என்றார். மகனிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன், "முதல் அரை மணி நேரம் உன்னைத் தெரியலன்னாலும் கலங்காத, உன் பேரைச் சொல்லு, போதும்" என்று. கண் கலங்கியது, ஆனால் பேரைச் சொன்னான். இருபது நிமிஷத்தில் அவரே "மாடு கட்டியாச்சாடா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் நடந்த பேரனின் காதுகுத்து மட்டும் அவருக்குத் திரும்பவே இல்லை. போட்டோவைக் காட்டினார்கள், "நானா இது?" என்று பார்த்துக்கொண்டார். ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கா என்று பரீட்சை வைக்காதீர்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் நான் மனைவிக்குச் சொன்னது.

"கரண்ட் வைக்கிற அளவுக்குப் போயிடுச்சா, கடைசிக் கட்டமா?" இல்லை. சாப்பிடாமல் போனவர், அசையாமல் உறைந்துபோனவர், சாக வேண்டும் என்றே இருப்பவர் போன்றவர்களுக்கு இது முதலிலேயே யோசிக்கக்கூடிய சிகிச்சை. "ஆயுசு முழுக்க வைக்கணுமா?" பெரும்பாலும் 6 முதல் 12 முறை, வாரத்துக்கு 2 அல்லது 3. பிறகு மாத்திரை. மாத்திரையையும் விட்டால் ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பிவிடுகிறது. இதை டிஸ்சார்ஜ் அன்று அல்ல, முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நன்றாகிவிட்ட மனிதரைப் பார்த்ததும் மாத்திரை எதற்கு என்று தோன்றிவிடும்.

"நான் கூட இருக்கலாமா?" பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். அப்படியானால் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து சொல்லுங்கள். எந்த நேரத்தில் உள்ளே போனார், எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தாமதம் ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வார்த்தை. மூடிய கதவுக்கு முன் நிற்பவருக்கு அந்தப் பத்து நிமிஷம் மிகவும் நீளமானது.

வீட்டுக்கு அனுப்பும்போது

சிகிச்சை நடக்கும் வாரங்களில் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, கடன் வாங்குவது கொடுப்பது போன்ற முடிவுகளை எடுக்கக் கூடாது. அன்றைய நாள் தனியாக விடக் கூடாது. வெளியில் இருந்து வந்து இசிடி போட்டுக்கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பைக்கில் தனியாகத் திரும்பிப் போவேன் என்று நிற்பவரை நான் பலமுறை தடுத்திருக்கிறேன்.

நோயாளி தேறத் தொடங்கும்போது கவனம் குறையக் கூடாது. உடம்பில் தெம்பு முதலில் வரும், மனசு தெளிவது அப்புறம். இடையில் உள்ள அந்த நாட்களில் முன்பு செய்ய முடியாமல் கிடந்ததைச் செய்துவிடும் அபாயம் இருக்கிறது. நம் விவசாயி நாலாவது முறைக்குப் பிறகு தானாகக் கை நீட்டித் தயிர்ச்சோறு வாங்கிக்கொண்டார், எட்டாவதோடு நிறுத்தினார்கள், குடல் பற்றிய பேச்சே இல்லை. வார்டில் எல்லாருக்கும் சந்தோஷம். டிஸ்சார்ஜ் அன்று மகனைத் திரும்ப வராந்தாவுக்குக் கூட்டிப்போய், வயலுக்கு அடிக்கும் மருந்து இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தொழுவத்துப் பரண் மேல் என்றான். அன்று அவர்களை மத்தியானம் வரை நிறுத்தி வைத்தோம். தம்பி முறை ஒருவர் அந்த டின்னை எடுத்துப்போய் வேறு வீட்டில் பூட்டிவிட்டு போன் செய்த பிறகுதான் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன்.